மைக்கில் 'ப' வெடிப்பது ஏன், 'ஸ்' கீறுவது ஏன்?

உள்ளங்கையை வாய்க்கு நேராக, ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துக்கொண்டு 'அம்மா' என்று சொல்லுங்கள். கையில் பெரிதாக எதுவும் படாது. அடுத்து 'அப்பா' என்று அழுத்திச் சொல்லுங்கள். 'ப்பா' வரும் இடத்தில் ஒரு குட்டிக் காற்று கையில் வந்து மோதும். இப்போது கையைக் கன்னத்துப் பக்கமாகச் சாய்வாக நகர்த்திவிட்டு மறுபடியும் அதே 'அப்பா'. காது கேட்பதில் மாற்றமில்லை, ஆனால் காற்று காணாமல் போயிருக்கும்.

பதிவில் 'டொப்' என்று கேட்கும் அந்த வெடிப்பின் ரகசியம் இவ்வளவுதான். அது குரலின் ஒலி அல்ல, வாயிலிருந்து கிளம்பும் காற்று. 'ப' சொல்ல உதடுகளை மூடுகிறோம், உள்ளே காற்றழுத்தம் ஏறுகிறது, உதடு திறந்ததும் அந்தக் காற்று பீறிட்டு நேராகப் பாய்கிறது. ஒலி அலை நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் எல்லாப் பக்கமும் பரவும். காற்றுப் பாய்ச்சலோ அதைவிட மிக மெதுவாக, குறுகலாக, முன்னோக்கி மட்டும் போகும். ஒலி மைக்கைத் தொட்டுச் சில மில்லிசெகண்டுகள் கழித்துத்தான் அது வந்து சேரும். மைக்குக்குள் இருக்கும் மெல்லிய சவ்வுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. காற்று தள்ளினாலும் நகரும், ஒலி தள்ளினாலும் நகரும்.

வீட்டில் பாட்காஸ்ட், கதை வாசிப்பு செய்பவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது 'கார்டியாய்ட்' வகை மைக். முன்னால் வரும் ஒலியை நன்றாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் எடுக்கும். இந்தத் திறமைதான் காற்று விஷயத்தில் அதன் பலவீனமும். இதன் சவ்வுக்குப் பின்பக்கமும் வழி திறந்திருக்கும். முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைத்தான் அது அளக்கிறது. தூரத்திலிருந்து வரும் கனத்த, தாழ்ந்த ஒலி இரண்டு பக்கத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி தள்ளுவதால் வித்தியாசம் மிகச் சிறியது. அதை ஈடுகட்ட, தாழ்ந்த ஒலிகளுக்குச் சவ்வு எளிதாக அசையும்படி செய்திருப்பார்கள். வாய்க்காற்று இந்தக் கணக்கில் வராது. அது முன்பக்கத்தை மட்டும் முழு பலத்தோடு அறைகிறது. சட்டையில் குத்தும் காலர் மைக்குகளில் பல எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்பவை, பின்பக்கம் மூடியவை. அவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

சரி, என்ன செய்யலாம்? முதலில் தூரம். மைக்கிலிருந்து வாய் 5 சென்டிமீட்டரில் இருந்தால் அதை 15 ஆக்குங்கள். காற்றுப் பாய்ச்சல் போகப் போகச் சுற்றியுள்ள காற்றோடு கலந்து, அகன்று, வேகம் இழக்கும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. தூரம் மூன்று மடங்கானால் குரலின் அளவும் ஏறக்குறைய 9.5 டெசிபல் இறங்கும். அதை ஈடுகட்ட கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவைக் கூட்டினால் மின்விசிறிச் சத்தமும் அறையின் எதிரொலியும் அதே அளவு ஏறும். மெத்தை, திரைச்சீலை, துணி அலமாரி உள்ள அறையென்றால் 15 முதல் 20 சென்டிமீட்டர் தாராளமாகத் தாங்கும். வெறும் சுவரும் மொசைக் தரையும் உள்ள அறையில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும்.

அப்படிப்பட்ட அறையில் தூரத்தைவிடக் கோணம்தான் கை கொடுக்கும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல், வாயோரத்துக்குப் பக்கமாக 30 முதல் 45 டிகிரி தள்ளி வைத்து, அதன் முகத்தை மட்டும் வாயை நோக்கித் திருப்புங்கள். நீங்கள் நேராகப் பார்த்துப் பேசுங்கள். காற்று மைக்கைத் தாண்டிப் போய்விடும், குரல் மட்டும் வந்து சேரும். காசு செலவில்லாத இந்த வழியைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அப்புறம் பாப் ஃபில்டர். வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலை, பெரும்பாலும் இரண்டு அடுக்கு. குழாய்த் தண்ணீரைச் செடிக்கு நேராகப் பாய்ச்சினால் மண் குழியாகும், பூவாளி வழியாக ஊற்றினால் ஆகாது. வலையும் அதைத்தான் செய்கிறது: ஒரே பாய்ச்சலாக வரும் காற்றைச் சின்னச் சின்னச் சுழல்களாக உடைக்கிறது, அவை சிறிது தூரத்திலேயே அடங்கிவிடும். அந்தச் சிறிது தூரம் தேவை. எனவே வலையை மைக்கோடு ஒட்டி வைத்தால் பயன் பாதியாகிவிடும், ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். எம்ப்ராய்டரி வளையத்தில் நைலான் காலுறையை இழுத்து மாட்டினாலும் வேலை நடக்கும். ஒரு பக்கம் ஊதிப் பாருங்கள். மறுபக்கம் ஒரு சாண் தள்ளிக் கையில் காற்று படவில்லையென்றால் அது நல்ல வலை.

இந்த வலை 'ஸ்' ஒலியை அடக்கும் என்று நம்பி வாங்குபவர்கள் நிறைய. அடக்காது. 'பஸ் ஸ்டாண்டில் ஸ்வீட் ஸ்டால்' என்று சொல்லும்போது நாக்குக்கும் மேலண்ணத்தின் முன்பகுதிக்கும் நடுவே ஒரு குறுகிய வழியில் காற்று சீறிப் போய்ப் பற்களில் மோதுகிறது. அங்கே பிறக்கும் இரைச்சல், பெரும்பாலும் 4,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை, உண்மையான ஒலி. குரல் வலையைத் தாண்டி வருவது போலவே அதுவும் வரும். வெறுமனே பின்னால் நகர்ந்தாலும் குரலும் 'ஸ்'ஸும் சேர்ந்தேதான் குறையும். ஆனால் உயர்ந்த ஒலிகள் வாயிலிருந்து நேர்முன்னே அதிகமாகவும் பக்கவாட்டில் குறைவாகவும் போகும். ஆகவே மேலே சொன்ன கோணம் இங்கேயும் உதவும். பல கண்டென்சர் மைக்குகள் தெளிவுக்காக இதே உயர்ந்த பகுதியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுபவை, அவற்றில் 'ஸ்' இன்னும் கூர்மையாகக் கீறும்.

பதிவு முடிந்த பிறகு செய்யக்கூடியது என்ன? அலைவரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வெடிப்பு ஓரிரண்டு பெரிய, மெதுவான அலைகளாக நடுக்கோட்டிலிருந்து விலகித் தெரியும். 'ஸ்' அடர்த்தியான கறுப்புப் பட்டையாக இருக்கும். வெடிப்பின் பலம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். Audacity என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கும் High-Pass Filter எடுத்து Frequency 80 ஹெர்ட்ஸ், Roll-off 12 dB என்று வைத்தால் 40 ஹெர்ட்ஸில் 12 டெசிபலும் 20 ஹெர்ட்ஸில் 24 டெசிபலும் குறையும். 120 ஹெர்ட்ஸில் பேசும் ஆண் குரல் ஒரு டெசிபல்கூட இழக்காது. அப்படியும் அடங்காத ஒன்றிரண்டு வெடிப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து 150 ஹெர்ட்ஸில் தனியாக வடிகட்டலாம். முழுப் பதிவுக்கும் 150 வைத்தால் கனமான குரல் மெலிந்துவிடும். அலையின் உச்சி வெட்டுண்டு தட்டையாக இருந்தால், பதிவாகும்போதே அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். தட்டையான இடத்தில் குரலின் வடிவமும் சேர்ந்தே போயிருக்கும், எந்த வடிகட்டியும் அதைத் திருப்பித் தராது. அந்த வரியை மறுபடி வாசிப்பதுதான் வழி.

'ஸ்'ஸுக்கு டீ-எஸ்ஸர். உயர்ந்த பகுதியை எப்போதும் குறைத்துவைக்காமல், அங்கே பலம் எல்லை மீறும் கணத்தில் மட்டும் அமுக்கும். 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை தேடி, எது கீறுகிறதோ அங்கே வைத்து, மூன்று முதல் ஆறு டெசிபல் வரை குறைத்தால் போதும். பெண் குரலில் அந்த இடம் பொதுவாகச் சற்று மேலே இருக்கும். அளவு மிஞ்சினால் பேசுபவருக்கு நாக்கு தடித்தது போல 'ஸ்' எல்லாம் 'த்' பக்கம் சாய்ந்து கேட்கும். ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே அமுக்கத்தைக் கூட்டிப் போய், அந்தச் சாய்வு தொடங்கியதும் கொஞ்சம் பின்வாங்கி அங்கே நிறுத்துங்கள்.