தொழிற்சாலைப் பதிப்புக்குத் திரும்புவது போனை அழிப்பதல்ல

ஹட்டனில் நான் நடத்தும் கைப்பேசி திருத்தும் கடைக்கு, மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் சில மாதங்களுக்கு முன் வந்தார். அழைப்பு வந்தால் மணி ஒலிக்கிறது, ஆனால் திரை இருட்டாகவே இருப்பதால் எடுக்க முடியவில்லை என்றார். கொழும்பில் வேலை செய்யும் மகள் ஒவ்வொரு இரவும் அழைத்து ஏமாந்துபோகிறாளாம். வேறோர் இடத்தில் காட்டியபோது, போனை முழுவதும் அழித்து ‘Factory reset’ செய்தால்தான் சரிவரும் என்று சொல்லியிருக்கிறார்கள். பேரப்பிள்ளையின் படங்கள் எல்லாம் அதிலேயே இருந்ததால் அவர் மறுத்துவிட்டு என்னிடம் வந்திருந்தார்.

முதலில் அந்தப் போனிலேயே வந்த அழைப்புச் செயலியின் அறிவித்தல்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தேன், ஏனெனில் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். அவை சரியாகவே இருந்தன. போனை அணைத்து மீண்டும் இயக்கியும் மாற்றமில்லை. பிறகு பிளே ஸ்டோரில் அச்செயலியின் பக்கத்தைத் திறந்து, கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட திகதியைப் பார்த்தபோது, அது, குறை தொடங்கியதாக அந்த அம்மா சொன்ன நாளுக்கு முதல் நாளாக இருந்தது. அதே பக்கத்தில் வேறு பலரும் இதே குறையை எழுதியிருந்தார்கள். இந்த இரண்டும் ஒத்துப்போனால் அப்டேட்டின் மீது சந்தேகம் கொள்ளலாம்.

போனோடு வரும் செயலியின் மூலப் பிரதி, சாதாரணமாக எழுதவோ அழிக்கவோ முடியாத சிஸ்டம் பகுதியில் இருக்கிறது. பிளே ஸ்டோரிலிருந்து வரும் அப்டேட் அந்தப் பிரதியைத் தொடுவதில்லை. அது பயனர் பகுதியில் தனியாக வந்து உட்கார்ந்துகொள்ள, போன் புதியதையே இயக்குகிறது. ஆகவே அப்டேட்டை அகற்றினால் அடியிலிருக்கும் பழையது, அதாவது தொழிற்சாலைப் பதிப்பு, மீண்டும் வேலைக்கு வந்துவிடும். இது அந்த ஒரு செயலிக்கு மட்டுமே நடப்பது. படங்களுக்கும் மற்றச் செயலிகளுக்கும் ஒன்றும் ஆகாது.

அதைச் செய்ய, Settings இல் Apps சென்று, குறித்த செயலியைத் திறந்து, மேல் வலது மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘Uninstall updates’ என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். சில போன்களில் இது திரையின் கீழ்ப்பகுதியில் இருக்கும். உடனே ஓர் எச்சரிக்கை வரும்:

```
Replace this app with the factory version? All data will be removed.
```

இதை வாசித்தவுடன் அந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அவர் பயந்ததில் தவறில்லை, ஏனெனில் factory என்ற சொல் இரண்டு இடத்திலும் வருகிறது. இங்கே அழிவது அந்தச் செயலி தனக்கென வைத்திருக்கும் தரவு மட்டுமே. புதிய பதிப்பு எழுதிவைத்ததைப் பழைய பதிப்பால் வாசிக்க முடியாமல் போகலாம் என்பதால் அதை நீக்கிவிடுகிறார்கள். தொடர்பு இலக்கங்களும் அழைப்புப் பட்டியலும் ஆண்ட்ராய்டில் வேறொரு சேமிப்பில் இருப்பதால் அவை அப்படியே இருந்தன. ஆனால் குறிப்பு எழுதும் செயலி போன்றவை எழுதியதைத் தமக்குள்ளேயே வைத்திருக்கக்கூடும். அவற்றில் கைவைக்கும் முன் வேறிடத்தில் பிரதி எடுத்தே ஆக வேண்டும், இதில் மட்டும் நான் அவசரப்பட மாட்டேன்.

அகற்றியதும், செயலியின் தகவல் பக்கத்தின் அடியிலுள்ள பதிப்பு எண் குறைந்திருந்தது. என் போனிலிருந்து அழைத்தேன்; திரை ஒளிர்ந்து பச்சைப் பொத்தான் வந்தது. ஆனால் வேலை அத்தோடு முடிவதில்லை. அப்படியே விட்டால், வைஃபை கிடைக்கும் ஏதோவோர் இரவில் பிளே ஸ்டோர் அதே அப்டேட்டைத் திரும்பப் போட்டுவிடும். திருத்திய இரண்டாம் நாளே பழைய குறையோடு போனைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் இந்த வகையினர்தான். பிளே ஸ்டோரில் அச்செயலியின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘Enable auto update’ என்பதற்கான அடையாளத்தை எடுத்துவிட வேண்டும்.

‘Uninstall updates’ என்ற தெரிவே காணப்படாவிட்டால், பெரும்பாலும் செயலி ஏற்கனவே தொழிற்சாலைப் பதிப்பில்தான் இருக்கிறது. குறை வேறெங்கோ இருக்கிறது. போனின் முழு இயங்குதள அப்டேட்டையும் இவ்வழியில் திருப்ப முடியாது. அத்தகைய அப்டேட் சிஸ்டம் பகுதியையே மாற்றுவதால், அதன்பின் ‘தொழிற்சாலைப் பதிப்பு’ என்பது போன் வாங்கிய நாளில் இருந்தது அல்ல, அந்த அப்டேட்டோடு வந்ததே.

பழைய பதிப்பில் நீண்டகாலம் இருக்கவும் கூடாது, ஏனெனில் பின்னர் அடைக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் அதில் திறந்தே இருக்கும். 2021 மார்ச்சில், செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் Android System WebView என்பதன் அப்டேட்டொன்றால் உலகெங்கும் பல செயலிகள் தாமாக மூடிக்கொண்டபோது, அதை அகற்றியவர்களுக்குத் தற்காலிகமாக வேலை நடந்தது. நிலையான தீர்வு திருத்திய அப்டேட்டாகவே வந்தது. இந்த அம்மாவின் செயலிக்கும் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் புதிய பதிப்பு வந்தது. ரீலோட் போட வந்த நாளில் அதை நிறுவி, இரண்டு முறை அழைத்துப் பார்த்து, தானியங்கி அப்டேட்டை மீண்டும் இயக்கிக் கொடுத்தேன்.