இறக்கத்தில் ஓடத் தொடையைப் பழக்குவது எப்படி?

பாஸ்டன் மாரத்தான் தொடங்கும் ஹாப்கின்டன், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பந்தயம் முடியும் இடத்தின் உயரம் சில மீட்டர்தான். முதல் மைலிலேயே சாலை 40 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். 26 கிலோமீட்டருக்கு அப்புறம் நியூட்டன் ஏற்றங்கள் வரும். அவற்றில் கடைசியான ஹார்ட்பிரேக் ஹில்லில் பலர் நடக்கத் தொடங்குவார்கள். ஏற்றம்தான் காலை உடைத்தது என்று தோன்றும். ஆனால் சேதத்தில் பெரும்பகுதி அதற்கு முன்பே, சுகமாகத் தெரிந்த இறக்கங்களில் நடந்து முடிந்திருக்கும்.

பாதம் தரையில் பட்டதும் முழங்கால் மடங்குகிறது. அது மடிந்தே போய்விடாமல் முன்தொடைத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அதாவது, தசை விசை கொடுத்துக்கொண்டே நீள்கிறது. இதைத்தான் எக்சென்ட்ரிக் வேலை என்கிறார்கள். சமதளத்திலும் இது உண்டு. இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் உடல் கூடுதலாகக் கீழே விழுவதால், பிடித்து நிறுத்தும் வேலையும் கூடுகிறது.

இந்த வேலைக்கு ஆக்சிஜன் மிகக் குறைவாகவே செலவாகும். 1952இல் ஓர் ஆய்வில் இரண்டு சைக்கிள்களைப் பின்னோடு பின்னாக வைத்துச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பெடலைத் தடுத்துப் பிடித்தார். இருவரும் கொடுத்த விசை ஒன்றுதான். ஆனால் தடுத்தவருக்கு ஆக்சிஜன் செலவு மிகக் குறைவு. நீளும்போது ஒவ்வொரு தசை இழையும் அதிக விசையைத் தாங்கும் என்பதால், குறைவான இழைகளே வேலைக்கு இறங்குகின்றன. ஓடுபவருக்கு இதில்தான் ஆபத்து. மூச்சும் இதயத்துடிப்பும் எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் சில இழைகள் மட்டும் பெரும் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும். அவற்றுக்குள் இருக்கும் சார்கோமியர் என்ற நுண்ணலகுகளில் வலுவற்றவை அளவுக்கு மீறி நீண்டு குலைகின்றன.

வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும். வலிமை மட்டும் அப்போதே குறைந்துவிடும். அதனால் பந்தயத்தில் வலியை அடையாளமாக நம்பக்கூடாது. மூச்சு சீராக இருக்கும்போதே பாதம் தரையில் 'தப் தப்' என்று அறையத் தொடங்கினாலோ, முழங்கால் வழக்கத்தைவிட ஆழமாக மடங்கினாலோ, முன்தொடை பிடியை இழக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

நல்ல செய்தி என்னவென்றால், தசை இதை வியக்கத்தக்க வேகத்தில் கற்றுக்கொள்கிறது. 1985இல் வெளியான ஓர் ஆய்வில், டிரெட்மில்லில் 30 நிமிடம் இறக்க ஓட்டம் ஓடியவர்கள் சில வாரங்கள் கழித்து அதையே மறுபடி ஓடினார்கள். ஒரே ஒரு முறை ஓடியது ஏறக்குறைய 6 வாரங்கள் வரை வலியைக் குறைத்தது. இறக்கத்தில் ஓடவிட்ட எலிகளின் தொடை இழைகளில் சார்கோமியர்கள் கூடுதலாக வரிசை சேர்ந்திருந்ததையும் 1994இல் கண்டார்கள். நரம்புகளும் இணைப்புத் திசுவும்கூட இந்தக் காப்பில் பங்கு வகிப்பதாகத் தெரிகிறது. எனவே நிறைய இறக்கம் தேவையில்லை. சரியான இடைவெளியில் கொஞ்சம் போதும்.

ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமை பாஸ்டனில் ஓடப்போகிறவர், பிப்ரவரி தொடக்கத்தில் படிக்கட்டில் ஆரம்பிக்கலாம். 20 சென்டிமீட்டர் உயரமுள்ள படியில் ஒற்றைக்காலில் நின்று, மறு குதிகாலை 3, 4 நொடி எடுத்து மெதுவாகத் தரைக்கு இறக்க வேண்டும். மேலே வருவதற்கு இரு காலையும் பயன்படுத்தலாம். நமக்கு வேண்டியது இறங்கும் பகுதிதான். முழங்கால் உள்பக்கம் சாயக்கூடாது. காலுக்கு 8 முறை, 2 சுற்று, வாரம் இரண்டு நாள் போதும். இரண்டு வாரம் கழித்து மூன்றாவது சுற்றையோ கையில் சிறு எடையையோ சேர்க்கலாம்.

மூன்றாவது வாரத்திலிருந்து சாலை இறக்கம். நூறு மீட்டருக்கு 3 முதல் 5 மீட்டர் இறங்கும் சாலை நல்லது. முதல் நாள், எளிதான ஓட்டத்தின் முடிவில் 400 மீட்டர் இறக்கம் நான்கு முறை. மேலே நடந்தே வரலாம். 10 நாளுக்கு ஒரு முறை இதைக் கூட்டி, மார்ச் கடைசி வாரத்தில் பந்தய வேகத்தில் மொத்தம் 5 கிலோமீட்டர் இறக்கம் வரை கொண்டுபோகலாம். சமதள ஊரில் இருப்பவர்களுக்கு மேம்பாலச் சரிவும், கீழ்நோக்கிச் சாயும் டிரெட்மில்லும் உதவும். மேம்பாலம் என்றால் போக்குவரத்து இல்லாத அதிகாலையில் மட்டும். அடியைச் சுருக்கி, பாதத்தை உடலுக்கு அருகிலேயே வைக்க வேண்டும். காலை முன்னே நீட்டிக் குதிகாலால் பிரேக் போட்டால் முன்தொடைக்குச் சுமை ஏறும்.

இரண்டாம் நாள் படி இறங்கும்போது முன்தொடை வலிப்பது இயல்பு. நான்காம் நாளும் வலி குறையாவிட்டால் அளவு மிஞ்சிவிட்டது. அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரே புள்ளியில் வலித்தால் அது தசைவலி அல்ல; இறக்கத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர் கருத்த பழுப்பாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசிக் கடின இறக்கத்துக்கும் பந்தயத்துக்கும் இடையே 3 வாரம் விடுவது என் பரிந்துரை. அதற்குள் தசை ஆறிவிடும், காப்பும் இருக்கும். ஆனால் காப்பு முழுமையானதல்ல. ஹாப்கின்டனில் கூட்டத்தோடு பாய்ந்து இறங்கினால் பழகிய தொடையும் தளரும். முதல் 5 கிலோமீட்டரில் கடிகாரத்தைப் பார்த்து, திட்டமிட்ட வேகத்தைத் தாண்டாமல் இறங்குங்கள்.