14 அடிச் சுவருக்கு எத்தனை ஸ்டட்?

சுங்கை சிப்புட்டில் என் மச்சானுக்கு ஒரு கடைவீடு இருக்கிறது, முன்பக்கம் தையல் கடை, பின்பக்கம் பழைய துணிமூட்டைகள் கிடக்கிற ஒரு நீண்ட அறை. அந்த அறையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் டியூஷன் நடத்தலாம் என்று போன மாதம் முடிவெடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஏற்கெனவே வாசல் இருந்ததால் நடுவில் கதவு இல்லாமல் ஒரே ஜிப்சம் தடுப்பாக நிறுத்தினால் போதும். மச்சான் டேப் பிடித்து அளந்தார்: நீளம் 14 அடி, உயரம் 9 அடி. கைப்பேசியில் தட்டினார். "14 பெருக்கல் 9, ரெண்டு பக்கம், 252 சதுர அடி. ஒரு போர்டு 32 சதுர அடி. 8 போர்டு. சரி, இதுக்கு எத்தனை ஸ்டட் வரும்?"

போர்டுக் கணக்கு சரியாகவே வந்தது, ஆனால் ஸ்டட், அதாவது தடுப்புக்குள்ளே நிமிர்ந்து நிற்கிற தகட்டுக் கால், சதுர அடியிலிருந்து வராது. ஸ்குருவும் வராது, போர்டு இணைப்பில் ஒட்டுகிற டேப்பும் வராது. ஜிப்சம் தடுப்பில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலை எங்கே நடக்கிறதோ அங்கேதான் எண்ண வேண்டும்.

ஹார்ட்வேர் கடையில் ஒரு ஸ்டட்டை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய தகடு, 'C' எழுத்து மாதிரி மடித்தது, துணி பிழிவது போல முறுகிக்கொள்ளும். போர்டு மட்டும் என்ன, உயரமாக நிறுத்தினால் வில் மாதிரி வளையும், கொஞ்சம் அழுத்தினால் படார் என்று உடையும். இந்த இரண்டு நோஞ்சான்களையும் ஸ்குரு போட்டுச் சேர்த்தால், தோளால் இடித்தாலும் அசையாத சுவர் வந்துவிடுகிறது. போர்டு ஸ்டட்டை முறுக விடாது, ஸ்டட் போர்டை வளைய விடாது. போர்டின் பலம் உள்ளே இருக்கிற ஜிப்சத்தில் இல்லை, மேலே ஒட்டியிருக்கிற காகிதத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது, இழுவையைத் தாங்குவது அந்தத் தோல். ஸ்குருவின் தலை காகிதத்தைக் கிழிக்காமல் லேசாக ஒரு குழி விழுகிற அளவுக்கு மட்டும் இறங்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். காகிதம் கிழிந்துவிட்டால் அந்த ஸ்குரு வெறும் ஜிப்சம் கட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லாததற்குச் சமம்.

முதலில் டிராக், ஸ்டட்டின் முனைகள் உட்காருகிற தகட்டுத் தடம். தரையில் ஒன்று, மேலே கான்கிரீட்டில் ஒன்று, ஆக 28 அடி. கடையில் 'பத்து அடி' என்று விற்கிற பீஸை அளந்தால் பெரும்பாலும் 3 மீட்டர்தான் இருக்கும், அதாவது 9 அடி 10 அங்குலம். இந்த 2 அங்குலத்தை மறக்காதீர்கள். உங்கள் சுவர் சரியாகப் பத்து அடி உயரம் என்றால் ஸ்டட் கிட்டத்தட்ட 48 மி.மீ. குட்டை, டிராக்கின் மடிப்புக்குள்ளேயே போய்ச் சேராது. மச்சான் சுவர் 9 அடி என்பதால் தப்பித்தோம். 28 அடி டிராக்குக்கு 3 பீஸ்: இரண்டு முழு பீஸ், மூன்றாவதை வெட்டி மீதியுள்ள நாலடிச் சொச்சங்கள் இரண்டுக்கும் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து ஸ்டட், அதில்தான் நிறைய பேர் ஒன்றைக் கோட்டைவிடுகிறார்கள். 24 அங்குலத்துக்கு ஒன்று நிறுத்துகிறோம். 14 அடி என்றால் 168 அங்குலம், 24-ஆல் வகுத்தால் 7. ஆனால் 7 என்பது இடைவெளியின் எண்ணிக்கை. வேலி போடுகிறவனுக்குத் தெரியும், 7 இடைவெளிக்கு 8 கால் வேண்டும். மீதி விழுந்தால் மேல்நோக்கி முழுமையாக்கி, அப்புறம் ஒன்று கூட்ட வேண்டும். கணக்கு ஷீட்டில் போடுவதாக இருந்தால்:

```
=ROUNDUP(14*12/24,0)+1
```

விடை 8. ஸ்டட்டை உயரத்துக்குச் சரியாக வெட்டாமல் 8 மி.மீ. போலக் குறைத்து வெட்டுவோம், மேலே இருக்கிற தளம் கொஞ்சம் தொய்ந்தால் சுவர் அதைச் சுமக்கக்கூடாது என்பதற்காக. அதே காரணத்துக்காக மேல் டிராக்கில் போர்டை முடுக்குவதும் இல்லை.

இந்த 24 அங்குலம் ஏன்? நான் தொழிலுக்கு வந்த புதிதில் வரைபடத்தில் 600 மி.மீ. என்று போட்டிருந்ததைப் பார்த்து அப்படியே நிறுத்தினேன். போர்டோ நாலடி, அதாவது 1220 மி.மீ. முதல் போர்டின் விளிம்பு ஸ்டட்டின் நடுவிலிருந்து 20 மி.மீ. தள்ளி விழுந்தது, இரண்டாவது 40, மூன்றாவது கிட்டத்தட்ட 60. ஸ்டட்டின் முகமே சுமார் 35 மி.மீ. அகலம்தான், அதில் இரண்டு போர்டுகள் பாதி பாதி பங்கு போட்டு உட்கார வேண்டும். முதல் இணைப்பிலேயே விளிம்பு அந்தரத்தில் தொங்கியது. அன்றைக்கு எல்லா ஸ்டட்டையும் கழற்றி 610-க்கு, அதாவது 24 அங்குலத்துக்கு, மாற்றினேன், முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. ஸ்டட் இடைவெளி போர்டின் அகலத்தை மிச்சமில்லாமல் வகுக்க வேண்டும்: 1220 போர்டுக்கு 610, 1200 போர்டுக்கு 600. போர்டை அளந்து பார்க்காமல் தரையில் கோடு போடாதீர்கள்.

இனி போர்டு. ஒரு பக்கம் 14 அடியை நாலு நாலாகப் பிரித்தால் மூன்றரை வரிசை. மூன்று முழு போர்டு, அப்புறம் 2 அடி அகலத்தில் பாதி. இரண்டு பக்கத்துக்கும் 6 முழுசு, ஒரு போர்டை நீளவாக்கில் பிளந்தால் இரண்டு பாதி, ஆக 7. போர்டு 8 அடி, சுவர் 9 அடி, எனவே ஒவ்வொரு வரிசையிலும் ஓரடித் துண்டு வேண்டும், அதற்கு எட்டாவது போர்டு. மச்சான் சொன்ன 8-தான், ஆனால் எப்படி வெட்டுகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். போர்டின் நீள விளிம்பு இரண்டும் லேசாகச் சரிந்து மெலிந்திருக்கும், டேப்பும் பூச்சும் அந்தப் பள்ளத்தில் அடங்கிச் சமமாக வருவதற்காக. பிளந்த பாதியில் ஒரு பக்கம்தான் அந்தச் சரிவு மிஞ்சும், வெட்டிய விளிம்பைச் செங்கல் சுவர் மூலைக்குத் தள்ளிவிட வேண்டும். ஓரடித் துண்டுகளைக் குறுக்காகத்தான் வெட்டணும், அப்போதுதான் சரிந்த விளிம்பு நிமிர்ந்த இணைப்பிலேயே வரும்.

14 அடியில் ஒரு வசதி தானாகவே கிடைக்கிறது. இந்தப் பக்கம் முழு போர்டில் ஆரம்பித்தால் இணைப்புகள் 4, 8, 12 அடியில் விழும். அந்தப் பக்கம் அதே மூலையில் பாதி போர்டில் ஆரம்பித்தால் 2, 6, 10. ஒரே ஸ்டட்டில் இரண்டு பக்க இணைப்பும் முதுகோடு முதுகாக விழவே விழாது. அப்படி விழுந்தால் அந்த ஸ்டட் தனியாளாகிவிடும், இரு பக்கமும் அதைக் குறுக்கே பிடித்துக்கொள்ள முழு போர்டு இருக்காது, விரிசல் அங்கேதான் முதலில் தெரியும்.

இதே சுவரை 1200 மி.மீ. போர்டில் செய்திருந்தால்? மூன்று போர்டு போக மிச்சம் 667 மி.மீ. வரும், அந்த அகலத்தில் இரண்டு பாதியை ஒரே போர்டிலிருந்து எடுக்க முடியாது. ஒரு போர்டு கூடும். சதுர அடிக் கணக்கு இதைக் காட்டிக்கொடுக்காது.

அந்த ஓரடித் துண்டுதான் இந்த வேலையின் தலைவலி. போர்டின் தலைப்பக்கத்து விளிம்பில் சரிவு கிடையாது, மொட்டையாக இருக்கும், இரண்டு மொட்டை விளிம்பு முட்டுகிற இடத்தில் டேப் போட்டால் மேடு தட்டும். பின்னால் பிடிப்பும் இல்லை, ஸ்டட்டுக்கு ஸ்டட் குறுக்கே டிராக் துண்டு வெட்டிப் போட வேண்டும். 7 இடைவெளி, இரண்டு பக்கத்திலும் இணைப்பு வெவ்வேறு உயரத்தில் வந்தால் 14 துண்டு, இரு முனையிலும் ஸ்டட்டில் முடுக்க மடிக்கிற காதையும் சேர்த்து ஒரு பீஸில் 4 வரும், ஆக இன்னும் 4 பீஸ் டிராக். துண்டை ஒரு வரிசையில் மேலே, அடுத்த வரிசையில் கீழே என்று மாற்றி வைத்தால் கோடு நேராக ஓடாது. பத்தடி போர்டு கிடைத்தால் 7 வாங்கி, தலையில் ஓரடியை வெட்டி எறிவேன். பார்க்க வீண்போல இருக்கும், ஆனால் அந்த 4 பீஸும் மேட்டைத் தேய்க்கிற ஒரு நாளும் மிச்சம். மச்சானுக்குப் பத்தடி போர்டு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் பின்சந்தில் திருப்பியிருக்க முடியாது என்பது வேறு கதை.

எப்படி வெட்டினாலும் போர்டின் அடி தரையைத் தொடக்கூடாது, 10 மி.மீ. விடுங்கள். வாளித் தண்ணீர் ஊற்றித் தரை கழுவுகிற வீடுகளில் தரையைத் தொடும் காகிதம் திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிவிடும்.

ஸ்குரு 25 மி.மீ., நெருக்கமான மரை உள்ளது, தகட்டுக்கு அதுதான். போர்டின் விளிம்பில் 200 மி.மீ.க்கு ஒன்று, நடுவில் 300-க்கு ஒன்று. 9 அடி உயரத்துக்கு விளிம்பில் 15, நடுவில் 11. இணைப்பு விழுகிற ஸ்டட்டில் இரண்டு விளிம்பு, எனவே 30. ஒரு பக்கம்: இணைப்பு ஸ்டட் மூன்றுக்கு 90, ஓரத்து இரண்டுக்கு 30, மீதி மூன்றுக்கு 33, மொத்தம் 153. இரண்டு பக்கம் 306. குறுக்குத் துண்டுகளுக்கும் கீழ் டிராக்குக்கும் 120 போல. கீழே விழுவது, தலை நசுங்குவது எல்லாம் சேர்த்து 500 வாங்கினோம். ஸ்டட்டின் 'C' திறந்திருக்கிற ஓரத்தில் முதல் போர்டை முடுக்கிவிட்டு, அடுத்த போர்டை முதுகுப் பக்கம் முடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் திறந்த மடிப்பு ஸ்குருவுக்கு விலகிக் கொடுத்து, இரண்டு போர்டும் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கி நிற்கும்.

டேப் இணைப்புக்கு மட்டும்தான். நிமிர்ந்த இணைப்பு பக்கத்துக்கு 3, தலா 9 அடி, இரண்டு பக்கம் 54 அடி. குறுக்கு இணைப்பு 28 அடி. ஆக 82 அடி, 25 மீட்டர், ஒரு சுருளே தாராளம். செங்கல் சுவரோடு சேருகிற நாலு மூலையை இதில் நான் சேர்க்கவில்லை. அங்கே டேப் போட்டால், வெயிலுக்கும் மழைக்கும் செங்கல் ஒரு மாதிரியும் போர்டு ஒரு மாதிரியும் அசைந்து, சில மாதத்தில் மயிரிழைக் கோடு வந்துவிடும். நசுங்கிக்கொடுக்கிற அக்ரிலிக் சீலன்ட் குழாயால் நிரப்பிவிடுவது நல்லது.

மூன்றாவது பூச்சு காய்ந்த அன்று இரவு மச்சானை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தேன். நிமிர்ந்த இணைப்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. எட்டடி உயரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் விரல் அகல நிழல் விழுந்தது, ஓரடித் துண்டின் மொட்டை விளிம்பு. மறுநாள் காலையில் அகலக் கரண்டியோடு மறுபடி ஏணியில் ஏறினேன்.