ஏஐ சாட் சந்தாவில் மெசேஜ் வரம்பு: கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது, எப்போது ரீசெட் ஆகிறது

2023 மார்ச்சில் ஜிபிடி-4 வெளிவந்தபோது, மாதம் 20 டாலர் கட்டிய சாட்ஜிபிடி பிளஸ் சந்தாதாரர்களுக்கு 4 மணி நேரத்துக்கு 100 மெசேஜ் என்ற வரம்பு இருந்தது. கூட்டம் நெரிந்ததில் அது சீக்கிரமே 50 ஆனது, பிறகு 3 மணி நேரத்துக்கு 25 என்று இறங்கியது. ஜூலையில் 50 ஆக ஏறியது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது 3 மணி நேரத்துக்கு 80 ஆனது. எண்கள் இப்படி மாறிக்கொண்டேதான் இருக்கும், அவற்றை மனப்பாடம் செய்து பயனில்லை. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு முறை அவ்வளவு மாறுவதில்லை. கடிகாரம் எந்த நொடியில் ஓடத் தொடங்குகிறது, ஓடும்போது எதை எண்ணுகிறது என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டால், எந்த நிறுவனத்தின் வரம்பானாலும் புரிந்துவிடும்.

மாதத்துக்கு இத்தனை என்று வைக்காமல் ஏன் சில மணி நேரத்துக்கு இத்தனை என்று வைக்கிறார்கள்? இந்த மாடல்கள் ஓடுவது ஜிபியு என்ற சிப்புகளில். ஒரு பதில் தயாராகும் வரை, அந்த உரையாடலில் இதுவரை படித்ததன் இடைக்கணக்கு முழுவதும் அந்தச் சிப்பின் நினைவகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே ஒரே நேரத்தில் ஒரு சிப் கவனிக்கக்கூடிய உரையாடல்களுக்கு ஓர் எல்லை உண்டு. மாத ஒதுக்கீடு மட்டும் இருந்தால், திங்கட்கிழமை காலை எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பதை அது தடுக்காது. மூன்று மணி அல்லது ஐந்து மணி நேர ஜன்னல் அந்த நெரிசலைப் பரப்பிவிடுகிறது. வார வரம்பின் வேலை வேறு. ஒருவர் மொத்தமாக எவ்வளவு செலவு வைக்கிறார் என்பதை அது பார்க்கிறது.

இனி கடிகாரத்துக்கு வருவோம். நடைமுறையில் இரண்டு விதம் பார்க்கலாம்.

முதல் விதத்தில், நீங்கள் அனுப்பும் முதல் மெசேஜ்தான் கடிகாரத்தை முடுக்கிவிடுகிறது. வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டு கிழித்த நிமிஷத்திலிருந்து நேரம் எண்ணுவது போலத்தான். ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் சந்தாவில் இருக்கும் 5 மணி நேர ஜன்னல் இந்த வகை. நீங்கள் சும்மா இருக்கும்போது எந்தக் கடிகாரமும் ஓடுவதில்லை. காலை 10 மணிக்கு முதல் கேள்வி கேட்டால் ஜன்னல் பிற்பகல் 3 மணிக்கு மூடும், அப்போது முழு ஒதுக்கீடும் ஒரேயடியாகத் திரும்பும். 10.40-க்கே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டாலும் அதே 3 மணிதான். அடுத்த ஜன்னல் 3 மணிக்குத் தானாகத் தொடங்காது. அதற்குப் பிறகு நீங்கள் எப்போது முதல் மெசேஜ் அனுப்புகிறீர்களோ அப்போதுதான் தொடங்கும்.

இரண்டாவது விதம் நகரும் ஜன்னல். இதில் ஒவ்வொரு மெசேஜுக்கும் தனித்தனியே காலாவதி உண்டு. 3 மணி நேரத்துக்கு 80 என்ற வரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 9 மணிவாக்கில் 40 மெசேஜ், 11 மணிவாக்கில் 40 மெசேஜ் அனுப்பியிருக்கிறீர்கள். 11.10-க்குக் கதவு மூடிவிடும். 12 மணிக்குப் பழைய 40 மட்டும் கழியும், அந்த 40 இடம் கிடைக்கும். மீதி 40 பிற்பகல் 2 மணிவாக்கில்தான் வரும். இதே ஆள் முதல் விதக் கணக்கில் இருந்திருந்தால் 12 மணிக்கே 80-ம் கையில் இருந்திருக்கும். ரீசெட் ஆகிவிட்டது என்று நினைத்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி வரம்பு வந்துவிட்டதென்றால், பெரும்பாலும் நீங்கள் நகரும் ஜன்னலில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இரண்டிலும் மிச்சம் வைத்தது அடுத்த ஜன்னலுக்குப் போகாது. இரவு முழுவதும் தொடாமல் இருந்ததால் காலையில் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் விதத்தில் ஒரு நேர்மையான வசதி இருக்கிறது. காலை 10 முதல் 2 மணி வரை கடுமையாக வேலை செய்யப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 மணிக்குத் தொடங்கினால் அந்த நான்கு மணி நேரமும் ஒரே ஜன்னலுக்குள் அடங்கிவிடும். காலை 7.30-க்கு ஒரு சின்ன மெசேஜ் அனுப்பிவைத்தால் ஜன்னல் 12.30-க்கு மூடும், வேலையின் நடுவில் புது ஒதுக்கீடு கிடைக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஜன்னலின் எல்லையை உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்ப நகர்த்துகிறீர்கள், அவ்வளவுதான். வார வரம்பும் இருந்தால் அது இதனால் அதிகமாகாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

அடுத்தது எதை எண்ணுகிறார்கள் என்பது. சில சேவைகள் மெசேஜ்களையே எண்ணுகின்றன. அங்கே "நன்றி" என்று ஒரு வரி அனுப்பினாலும் ஒன்றுதான், 20 பக்கக் கோப்போடு கேட்டாலும் ஒன்றுதான். அப்படிப்பட்ட இடத்தில் ஐந்து சின்னக் கேள்விகளை ஒரே மெசேஜில் சேர்த்துக் கேட்பது லாபம். கிளாட் போன்ற சேவைகள் மெசேஜின் எடையைப் பார்க்கின்றன. மெசேஜின் நீளம், உடன் வைத்த கோப்புகளின் அளவு, உரையாடல் இதுவரை எவ்வளவு நீண்டிருக்கிறது, எந்த மாடல் ஆகிய எல்லாமே கணக்கில் சேரும். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது மூன்றாவது விஷயத்தில்தான்.

காரணம், மாடலுக்கு உங்கள் முந்தைய கேள்வி நினைவில் இருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் அந்த சாட்டின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மொத்தமும் திரும்ப அதனிடம் போகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எழுத்தை மாடல் டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டிப் படிக்கிறது. உங்கள் கேள்வி சராசரியாக 200 டோக்கன், பதில் 600 டோக்கன் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்விக்கு மாடல் படிப்பது 200. இரண்டாவதற்கு, பழைய 800-ம் புதிய 200-ம் சேர்ந்து 1,000. இருபதாவது கேள்விக்கு 15,400. ஒரே சாட்டில் இருபது கேள்வி கேட்டு முடிக்கும்போது மாடல் படித்தது மொத்தம் 1,56,000 டோக்கன். அதே இருபது கேள்விகளை ஐந்தைந்தாக நான்கு புது சாட்களில் கேட்டால் 36,000-தான். தொடக்கத்தில் 30,000 டோக்கன் அளவுக்கு ஒரு பிடிஎஃப் கோப்பைப் போட்டிருந்தால், இருபது சுற்றிலும் அது கூடவே வந்து மேலும் 6,00,000 சேரும்.

திரும்பத் திரும்ப வரும் பகுதியை மறுபடி கணக்கிடாமல் சேமித்துவைத்து மலிவாக்கும் உத்திகள் நிறுவனங்களிடம் உண்டு. அதனால் உங்கள் ஒதுக்கீடு குறைவது இந்த எண்களின் விகிதத்தில் அப்படியே இருக்காது. ஆனால் போக்கு இதுதான். காலையில் 40 கேள்வி தாங்கிய சந்தா மாலையில் 12 கேள்வியிலேயே நின்றுவிட்டது என்றால், நிறுவனம் ரகசியமாகக் குறைத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன், மாலையில் நீங்கள் இருந்தது நீண்ட பழைய சாட்டா என்று பாருங்கள். தலைப்பு மாறியதும் புது சாட் தொடங்குங்கள். பழையதிலிருந்து தேவையானதை நாலு வரியில் சுருக்கி அதன் தலையில் ஒட்டினால் போதும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு விஷயம். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக வெட்டுப்படுகிறது. ஜிபிடி-4ஓ வெளியீட்டின்போது ஓபன்ஏஐ தந்த ஒப்பீட்டில், ஒரே சிறு பத்தி ஆங்கிலத்தில் பழைய முறைப்படி 27 டோக்கன், தமிழில் 116 டோக்கன். புதிய முறையில் ஆங்கிலம் 24 ஆனது, தமிழ் 35-க்கு இறங்கியது. பெரிய முன்னேற்றம், ஆனாலும் இடைவெளி முழுதாக மூடவில்லை. எடை பார்க்கும் சேவையில் நீண்ட தமிழ் ஆவணத்தைக் கொடுத்து வேலை வாங்குகிறவருக்கு, அதே அளவு ஆங்கில ஆவணம் கொடுப்பவரைவிட வரம்பு முன்னதாக வருவது இதனால்தான். மெசேஜ்களை மட்டும் எண்ணும் சேவையில் இந்தப் பாதிப்பு இல்லை.

சிறு ஜன்னலுக்கு மேலே வார வரம்பு உட்கார்ந்திருப்பது இப்போது சகஜம். 2025 ஆகஸ்ட் இறுதியில் ஆந்த்ரோபிக் தன் கட்டணத் திட்டங்களில் இதைச் சேர்த்தது. 5 மணி நேர ஜன்னல் புதிதாகத் திறந்த பிறகும் அனுப்ப முடியவில்லை என்றால், இடிப்பது இந்த இரண்டாவது சுவர். கிளாடில் `Settings > Usage` பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டைகள், தனித்தனி ரீசெட் நேரங்கள் இருக்கும். புரோகிராம் எழுத உதவும் கிளாட் கோட் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் `/usage` என்று அடித்தால் அங்கேயே தெரியும். ஒரே சந்தாவில் சாட்டும் கிளாட் கோடும் ஒரே ஒதுக்கீட்டிலிருந்துதான் எடுக்கின்றன. மதியம் வரை புரோகிராம் எழுத வைத்துவிட்டு மாலையில் சாட் பக்கம் வந்தால் காலியாகத் தெரிவதில் வியப்பில்லை. எந்தச் சேவையானாலும், ரீசெட் நேரத்தை UTC 00:00 என்று குறிப்பிட்டிருந்தால் இந்தியாவிலும் இலங்கையிலும் அது காலை 5.30 என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

வரம்பு வந்ததும் பலர் செய்து பார்ப்பவை பிரவுசர் மாற்றுவது, வெளியேறி மறுபடி நுழைவது, கைபேசியில் திறப்பது போன்றவை. எண்ணிக்கை உங்கள் கணக்கின் பெயரில் நிறுவனத்தின் சர்வரில் இருப்பதால் இவை எதுவும் உதவாது. புது சாட் தொடங்குவதும் இனி வரும் செலவைத்தான் குறைக்கும், ஏற்கெனவே போனதைத் திருப்பாது. பதில் பிடிக்காமல் மீண்டும் உருவாக்கச் சொல்வதும், பழைய கேள்வியைத் திருத்தி அனுப்புவதும் மாடலை மறுபடி ஓடவைக்கின்றன. அவற்றை இலவசம் என்று நினைக்கக் கூடாது.

எல்லாச் சேவையும் கதவை முழுதாக மூடுவதில்லை. சாட்ஜிபிடியில் ஜிபிடி-5 வந்தபோது, வரம்பு தீர்ந்ததும் உரையாடல் சிறிய 'மினி' மாடலுக்கு மாறி, ரீசெட் வரை அங்கேயே தொடரும்படி வைத்தார்கள். வேலை நிற்காது, ஆனால் பதிலின் தரம் இறங்கலாம். நீண்ட வேலையின் நடுவில் பதில்கள் திடீரென மேலோட்டமாக மாறினால், எந்த மாடல் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். முக்கியமான பகுதியை ரீசெட்டுக்குப் பிறகு மறுபடி கேட்பது நல்லது.

திரையில் வரும் அறிவிப்பையும் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் வரம்பு போலத் தோன்றும் எல்லாமே வரம்பு அல்ல. குறிப்பிட்ட நேரம் வரை காத்திருக்கச் சொன்னால் அது உங்கள் ஒதுக்கீடு தீர்ந்தது, காத்திருப்பதைத் தவிர வழியில்லை. உரையாடல் நீண்டுவிட்டது என்று சொன்னால் அந்த ஒரு சாட் மட்டுமே நிரம்பியிருக்கிறது, புது சாட் உடனே வேலை செய்யும். சர்வரில் நெரிசல் என்று வந்தால் உங்கள் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சில நிமிஷம் விட்டு முயன்றால் சரியாகிவிடும். இந்த மூன்றாவது அறிவிப்பைப் பார்த்து அவசரமாக மேல் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பணம் கட்டும் முன், பயன்பாட்டுப் பக்கத்தில் பட்டை உண்மையிலேயே நிரம்பியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.