சுகர் ஃப்ரீ பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், தாத்தா

அவருக்கு 72 வயது. சர்க்கரை நோய்க்குப் பல வருடங்களாக மாத்திரை எடுப்பவர். சாயங்கால டீயோடு 2 சாதாரண பிஸ்கட் சாப்பிடுவது அவர் வழக்கம். அதுவும் வேண்டாமே என்று பேத்தி சுகர் ஃப்ரீ பிஸ்கட் வாங்கித் தர ஆரம்பித்தாள். அடுத்த முறை என்னிடம் வந்தபோது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் HbA1c 7.4-லிருந்து 8.3 ஆகியிருந்தது. உணவியல் நிபுணராக நான் முதலில் கேட்டது, "தாத்தா, ஒரு நாளைக்கு எத்தனை பிஸ்கட்?" என்றுதான். "ஆறு இருக்கும். இதில்தான் சர்க்கரையே இல்லையேம்மா" என்றார்.

பேத்தியின் பையிலிருந்த பாக்கெட்டை வாங்கித் திருப்பினேன். பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்குச் சர்க்கரை 0.3 கிராம் என்று இருந்தது. முன்பக்கம் எழுதியது பொய்யில்லை. 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் சுகர் ஃப்ரீ என்று போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் பொதுவான விதி. ஆனால் அதே அட்டவணையில் மொத்த கார்போஹைட்ரேட் 70 கிராம் என்றும் இருந்தது. அது மைதாவிலிருந்து வருவது. மாவுச்சத்து வயிற்றுக்குள் போனதும் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில்தான் சேரும்.

கணக்கை அவர் கண்முன்னேயே போட்டோம். ஒரு பிஸ்கட் 8 கிராம். ஆறு என்றால் 48 கிராம், அதில் கார்போஹைட்ரேட் கிட்டத்தட்ட 34 கிராம். பழைய சாதாரண பிஸ்கட் இரண்டில் இருந்தது 12 கிராம்போல. சர்க்கரையை விட்டுவிட்டதாக நினைத்தவர், முன்பைவிட மூன்று மடங்கு கார்போஹைட்ரேட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சராசரி ஏறாமல் என்ன செய்யும்?

அதனால் கடையில் முதலில் தேட வேண்டிய வரி 'மொத்த கார்போஹைட்ரேட்'. அது 100 கிராமுக்கா, ஒரு பரிமாறும் அளவுக்கா என்று பாருங்கள். பரிமாறும் அளவு என்று 2 பிஸ்கட்டை மட்டும் கணக்கில் எடுத்து, எண்ணைச் சின்னதாகக் காட்டும் பாக்கெட்டுகளும் உண்டு. எழுத்து பொடியாக இருந்தால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

அப்புறம் சேர்பொருள் பட்டியல். எடையில் அதிகமானது முதலில் வரும். மைதா முதலில் இருந்து, ஓட்ஸோ ராகியோ பட்டியலின் கடைசியில் இருந்தால், முன்பக்கப் படத்தை நம்பி வாங்க வேண்டாம். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயர் இருந்தால் கவனம். அது இனிக்காது, அட்டவணையின் சர்க்கரை வரியிலும் பெரும்பாலும் வராது. ஆனால் குளுக்கோஸைப் போலவே வேகமாக இரத்தச் சர்க்கரையை ஏற்றும். மால்டிடால், சார்பிட்டால் போன்ற இனிப்பூட்டிகள் சர்க்கரையைவிடக் குறைவாக ஏற்றும், அது உண்மை. அதிகமாகப் போனால் வயிறு உப்பும், பேதியாகும். மெட்ஃபார்மின் எடுப்பவர்களில் சிலருக்கு ஏற்கெனவே வயிறு இளகலாக இருக்கும். பழியை மாத்திரைமேல் போட்டு அதை நிறுத்திவிடுகிறார்கள்.

பிரெட்டில் இந்தச் சுகர் ஃப்ரீ என்ற சொல்லுக்கு இன்னும் மதிப்பு குறைவு. சாதாரண பிரெட்டிலேயே ஒரு துண்டுக்குச் சர்க்கரை ஒன்றிரண்டு கிராம்தான். மாவுச்சத்துதான் 12 கிராமுக்கு மேல். அதனால் பிரெட்டில் பார்க்க வேண்டியது முழுக்கோதுமை மாவு முதல் பொருளா, நார்ச்சத்து எவ்வளவு என்பதையே. பழுப்பு நிறம் கேரமல் சேர்த்தும் வரும். 100 கிராமுக்கு நார்ச்சத்து 6 கிராமாவது இருந்தால் நான் சரி என்பேன். அப்படிப்பட்டதும் 2 துண்டோடு நிற்க வேண்டும்.

உங்கள் உடம்புக்கு ஒரு பிஸ்கட் ஒத்துவருகிறதா என்பதைக் குளுக்கோமீட்டர் சொல்லிவிடும். சாப்பிடுமுன் ஒரு முறை, சாப்பிட ஆரம்பித்து 2 மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள். இந்தத் தாத்தாவுக்கு ஆறு பிஸ்கட்டில் 142-லிருந்து 231 ஆனது. அதே பிஸ்கட் இரண்டோடு நிறுத்திய நாளில் 138-லிருந்து 169.

புறப்படும்போது, "வெளியே போனால் தலை சுற்றும்போது சாப்பிட இதையேதான் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால், உடனே ஏற்றுவது வேண்டும். பிஸ்கட்டிலுள்ள மாவும் கொழுப்பும் செரித்து வர நேரமாகும், இனிப்பூட்டியும் உதவாது. அந்த நேரத்தில் நல்ல நினைவோடு, விழுங்கும் நிலையில் இருந்தால் 3 டீஸ்பூன் சாதாரண சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். பிஸ்கட்டை எடுத்துவிட்டு, அந்தப் பைக்குள் 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரை நான்கை வைத்து அனுப்பினேன்.