கிட்டப்பார்வை: சொல்லும் அதற்குள் இருக்கும் தொலைவும்

‘கிட்டப்பார்வை’ என்று மருத்துவர் சொன்னதும், கிட்டத்தில் இருப்பது தெரியாத கோளாறு என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். பொருள் நேர் எதிரானது. கிட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், எட்ட இருப்பதுதான் மங்கும். எது தெரிகிறதோ அதை வைத்து இந்தப் பெயர் அமைந்திருக்கிறது. தூரப்பார்வை என்ற சொல்லும் அப்படியே. ‘வெள்ளெழுத்து’ மட்டும் வேறு வழியில் வந்தது: நாற்பதைத் தாண்டியவரின் கண்ணுக்கு அச்செழுத்து வெளிறித் தெரிவதைச் சொல்லும் பெயர் அது.

கிட்டு என்றால் நெருங்கு. அதிலிருந்து பிறந்தது ‘கிட்ட’. மருத்துவத்தில் வழங்கும் ‘மயோப்பியா’ கிரேக்கத்திலிருந்து வந்தது. மூடுதல் என்று பொருள்படும் வினையும் கண்ணைக் குறிக்கும் ‘ஓப்ஸ்’ என்ற சொல்லும் சேர்ந்தது அது. கண்ணை இடுக்கிப் பார்ப்பவரைக் கண்டு வைத்த பெயர். இமைகளை இடுக்கினால் ஒளி நுழையும் வழி குறுகி, மங்கலும் சற்றுக் குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் எனக்குத் தமிழ்ச்சொல்லே பிடித்திருக்கிறது. கிரேக்கச் சொல் நடத்தையைக் காட்டுகிறது. தமிழ்ச்சொல் தொலைவைக் காட்டுகிறது. அந்தத் தொலைவை அளந்தால் கண்ணாடியின் பவரே கிடைத்துவிடும். ‘குறும்பார்வை’ என்று எழுதுபவர்களும் உண்டு. அது பார்வையே குறைந்துபோனதுபோல் ஒலிப்பதால், கிட்டப்பார்வை என்று எழுதுவதே தெளிவு.

கண்ணுக்குள் ஒளியை வளைப்பவை இரண்டு. முதலாவது, கருவிழிக்கு மேலே கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் கார்னியா. இரண்டாவது, பாவைக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ். பெரிய வேலையை லென்ஸ் செய்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். ஒளியை வளைக்கும் திறனை டயாப்டர் என்ற அலகால் அளக்கிறார்கள். உண்மையில் கண்ணின் மொத்தத் திறனான ஏறத்தாழ 60 டயாப்டரில் 43 அளவுக்குக் கார்னியாவுடையது. அதன் வளைவு மாறாதது. லென்ஸின் பங்கு அதைவிடக் குறைவு, ஆனால் அது மாறக்கூடியது. லென்ஸைச் சுற்றியுள்ள சிலியரித் தசை இறுகும்போது லென்ஸ் தடித்து, அதன் திறன் கூடுகிறது. தசை முழுவதும் தளர்ந்திருக்கும்போது திறன் மிகக் குறைந்த நிலையில் இருக்கும். அதற்குக் கீழே இறங்க வழியில்லை.

கிட்டப்பார்வையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கண் தன் திறனைக் கூட்டிக்கொள்ள முடியும், குறைத்துக்கொள்ள முடியாது.

குறையற்ற கண்ணில், தசை தளர்ந்திருக்கும்போது தொலைவிலிருந்து இணையாக வரும் கதிர்கள் சரியாக விழித்திரையில் குவிகின்றன. முன்னிருந்து பின்வரை அந்தக் கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். கிட்டப்பார்வை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நீளம்தான் கூடிவிடுகிறது. கார்னியாவும் லென்ஸும் ஒழுங்காகவே வளைக்கின்றன, திரைதான் பின்னுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ஏறக்குறைய 2.5 டயாப்டர் பிசகும். கதிர்கள் திரைக்கு முன்னாலேயே ஒரு புள்ளியில் கூடி, மறுபடி விரிந்து, திரையில் ஒரு வட்டமாக விழுகின்றன. எழுத்தின் ஒவ்வொரு புள்ளியும் இப்படி வட்டமாகி ஒன்றன்மேல் ஒன்று படிவதைத்தான் மங்கல் என்கிறோம். இப்போது தசை இறுகினால் குவியும் இடம் இன்னும் முன்னால் நகரும், மங்கல் கூடும். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தசையால் இதைச் சரிசெய்ய முடியாது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி இல்லாமல் புத்தகத்தை மெல்லத் தள்ளிக்கொண்டே போகிறார். 40 சென்டிமீட்டர் வரை எழுத்து கூர்மையாக இருக்கிறது. அதைக் கடந்ததும் ஓரங்கள் கரைகின்றன. அந்த 40 சென்டிமீட்டரே அவருடைய எட்டப்புள்ளி. அருகிலுள்ள பொருளிலிருந்து கதிர்கள் விரிந்து வருவதால், அவற்றைக் குவிக்கக் கூடுதல் திறன் தேவை. அவருடைய கண்ணில் அந்தக் கூடுதல் ஏற்கனவே இருக்கிறது. எவ்வளவு என்றால், அந்தத் தொலைவை மீட்டரில் எடுத்து, ஒன்றை 0.40ஆல் வகுக்க வேண்டும்: 2.5. இந்த அளவுக்கு டயாப்டர் என்ற பெயரை 1872இல் முன்வைத்தவர் பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஃபெர்டினான்ட் மோனோயே.

ஆக அவருக்குத் தேவை –2.50 குழிலென்ஸ். அது செய்வது இதுதான்: தொலைவிலிருந்து இணையாக வரும் கதிர்களை, 40 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பியவைபோல் விரித்துக் கொடுக்கிறது. அந்தத் தொலைவு இவர் கண்ணுக்குச் சிரமமின்றித் தெரிகிற தொலைவு. எட்டத்தில் உள்ளதைக் கிட்டத்துக்குக் கொண்டுவந்து வைக்கிறது லென்ஸ். குழிலென்ஸ் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்தும், அது ஏன் உதவுகிறது என்பதை 1604இல்தான் யோஹான்னஸ் கெப்ளர் விளக்கினார். உருவம் விழுவது விழித்திரையில் என்பதை அதே நூலில் நிறுவிய பிறகே அந்த விளக்கம் கைகூடியது.

பவர் பெரிதாக இருந்தால் லென்ஸ் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதும் கணக்கில் வரும். கண்ணாடி சுமார் 12 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது. –8.00 கண்ணாடி போடுபவருக்குக் கண்மேல் ஒட்டும் கான்டாக்ட் லென்ஸ் –7.25 அளவில் போதும். –2.50 காரருக்கு இந்த வேறுபாடு பொருட்படுத்த வேண்டாத அளவு.

சோதனையில் அடிக்கடி நேரும் பிழை, பவரைக் கூட்டிக் கொடுத்துவிடுவது. மேலே சொன்னவருக்கு –3.00 கொடுத்துவிட்டால் கதிர்கள் திரைக்குப் பின்னால் குவியப் பார்க்கும். இளங்கண் உடனே தசையை இறுக்கி அதை ஈடுகட்டிவிடும். எழுத்து சிறுத்து, கறுத்து, முன்பைவிடக் கூர்மையானதாகவும் தோன்றும். ‘இதுதான் நன்றாக இருக்கிறது’ என்பார். பிறகு படிக்கும்போதெல்லாம் அந்தத் தசை மிகையாக உழைத்து, கண் அசதியும் தலைவலியும் வரும். இதைப் பிடிக்கத்தான் சிவப்பு, பச்சைப் பின்னணியில் எழுத்துகள் உள்ள பலகை. கண்ணுக்குள் பச்சை ஒளி சற்று முன்னாலும் சிவப்பு சற்றுப் பின்னாலும் குவிகின்றன. சிவப்புப் பக்கம் கூர்மையாகத் தெரிந்தால் குவியம் இன்னும் திரைக்கு முன்னால் நிற்கிறது, குழிலென்ஸ் இன்னும் கொஞ்சம் வேண்டும். பச்சைப் பக்கம் கூர்மையாகிவிட்டால் அளவு மீறிவிட்டது. நன்றாகத் தெரிய வைக்கும் லென்ஸ்களில் மிகக் குறைந்த பவர் எதுவோ, அதுவே சரியான பவர். சிறுவர்களின் தசை வலுவாக இறுகும் என்பதால், சொட்டு மருந்திட்டு அதைத் தளர்த்திய பிறகே அளக்கிறார்கள்.

அதே –2.50 காரருக்கு 50 வயதாகும்போது வெள்ளெழுத்தும் வரும். லென்ஸ் விறைத்துப்போய், தசை இறுகினாலும் தடிக்காது. ஒத்த வயதினர் படிப்பதற்குக் கண்ணாடியைத் தேட, இவர் போட்டிருப்பதைக் கழற்றிவிட்டு 40 சென்டிமீட்டரில் வைத்துப் படிப்பார். கிட்டப்பார்வை போய்விட்டது என்று இதைக் கொள்ளக் கூடாது. கண்ணாடியை மாட்டினால் எட்டமும், கழற்றினால் கிட்டமும் தெரிகிறது, அவ்வளவுதான்.

லென்ஸ் ஒளியின் வழியைத் திருத்துகிறதே தவிர கண்ணின் நீளத்தைத் தொடுவதில்லை. கார்னியாவைத் தட்டையாக்கும் லேசர் சிகிச்சைக்கும் இது பொருந்தும். கண்ணாடி தேவைப்படாமல் போகலாம், நீண்ட கண் நீண்டபடியே இருக்கும். –6.00ஐத் தாண்டியவர்களின் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். திடீரென மின்னல்போல் ஒளிக்கீற்றுகளோ, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதப்பதோ, பார்வையின் ஓரத்தில் திரை விழுந்ததுபோன்ற மறைப்போ தோன்றினால், அது பவர் மாறியதால் வந்தது என்று காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.