ஏப்ரலில் கட்டிய பில், மார்ச்சில் கெட்ட கணவாய்

திருகோணமலையில் கடலுணவைப் பதப்படுத்தி விற்கும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். கொட்பேயிலும் மூதூரிலும் கணவாயும் இறாலும் வாங்கி, உறைய வைத்து, கொழும்பு ஏற்றுமதியாளர்களுக்கு அனுப்புகிறது. கணக்கு வருடம் மார்ச் 31இல் முடிகிறது. கணக்காய்வு அறிக்கையில் கையெழுத்து விழுவதோ ஜூலை 25ஆம் தேதி. நடுவே கிட்டத்தட்ட நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் சரக்கு விற்கும், பணம் வரும், மெஷின் பழுதாகும், வாங்கியவர் நொடித்துப் போவார். இதில் எது முடிந்த வருடத்தின் கணக்குக்குள் போக வேண்டும், எது போகக் கூடாது?

இலங்கைக் கணக்கீட்டு நியமம் 10 இதற்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறது. அந்த நிலைமை மார்ச் 31 அன்றே இருந்ததா? இருந்து, அதற்கான சான்று மட்டும் பிறகு கிடைத்தது என்றால் கணக்கைத் திருத்த வேண்டும். நிலைமையே மார்ச் 31க்குப் பிறகுதான் உருவானது என்றால் தொகைகளில் கை வைக்கக் கூடாது. விஷயம் பெரிதாக இருந்தால் கணக்கோடு சேர்ந்து வரும் குறிப்பில் எழுதினால் போதும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் சிக்குவது எங்கே என்றால், ஒரே சம்பவம் காரணத்தைப் பொறுத்து இந்தப் பக்கமும் விழும், அந்தப் பக்கமும் விழும்.

நம்முடைய கம்பெனியில் மார்ச் 31 அன்று 6,000 கிலோ உறைந்த கணவாய் இருந்தது. கிலோவுக்கு 1,400 ரூபாய் அடக்கவிலை, மொத்தம் 84 இலட்சம். ஏப்ரல் 18ஆம் தேதி அவ்வளவும் கிலோ 950 ரூபாய்க்குப் போய்விட்டது. ஏற்றுகூலியும் தரகும் 50 ரூபாய் போனால் கைக்கு வருவது 900. ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டால், "ஏப்ரலில் சந்தை விழுந்துவிட்டது சேர்" என்று முகாமையாளர் சொல்கிறார். அது உண்மை என்றால் இந்த நட்டம் அடுத்த வருடத்தைச் சேர்ந்தது.

கணக்காய்வாளர் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. வருடம் முடிந்த பிறகான வங்கிக் கூற்றை எடுத்து, பெரிய கொடுப்பனவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவருடைய வழக்கமான வேலை. பதியாமல் விடுபட்ட கடன்களைப் பிடிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. விற்றவர் எப்படியும் தன் பணத்தைக் கேட்டு வாங்கிவிடுவார், அதனால் மார்ச்சில் மறைந்த பில் ஏப்ரலிலோ மேயிலோ வங்கியில் தலைகாட்டியே தீரும். இங்கே ஏப்ரல் 22ஆம் தேதி ஒரு செக்: ஜெனரேட்டர் திருத்தம், 3 இலட்சத்து 80 ஆயிரம். பில்லில் ஏப்ரல் 5 என்று தேதி இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்தவர் அதைப் பார்த்து ஏப்ரல் செலவு என்று டிக் போட்டுவிடுவார். ஆனால் பில் எப்போது எழுதப்பட்டது என்பதல்ல, வேலை எப்போது நடந்தது என்பதுதான் முக்கியம். பில்லோடு பின் அடித்திருந்த மெக்கானிக்கின் வேலைத்தாளில் இருந்த தேதி மார்ச் 12.

ஆக 3 இலட்சத்து 80 ஆயிரமும் முடிந்த வருடத்தின் செலவு, மார்ச் 31 அன்று கொடுக்க வேண்டியிருந்த கடன். அது ஒரு திருத்தம். அதோடு விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். மார்ச் 12இல் ஜெனரேட்டர் திருத்தியிருக்கிறார்கள் என்றால் அதற்கு முன் அது ஓடாமல் நின்றிருக்கிறது. அப்போது கரண்டும் போயிருந்தால் குளிர் அறைக்கு என்ன ஆனது?

அடுத்துப் புரட்ட வேண்டியது குளிர் அறையின் வெப்பநிலைப் பதிவேடு. மைனஸ் 18 பாகையில் நிற்க வேண்டிய அறை, மார்ச் 11 இரவு மெல்ல மெல்ல ஏறி, மறுநாள் காலை மைனஸ் 3 வரை வந்திருக்கிறது. அந்த நிலையில் கணவாயில் உள்ள நீரில் ஒரு பங்கு உருகிவிடும். பிறகு குளிர் திரும்பும்போது அது மெதுவாக உறைவதால் பெரிய பனிப் படிகங்கள் உருவாகி தசையைக் கிழிக்கும். உறைந்திருக்கும் வரை வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. வாங்குபவர் உருக்கிப் பார்க்கும்போதுதான் நீர் வடிந்து எடை குறையும், சதை தளர்ந்து கிடக்கும். மார்ச் 20ஆம் தேதித் தரச் சோதனைத் தாளிலும் முதல் தரம் வெட்டப்பட்டு இரண்டாம் தரம் என்று எழுதியிருக்கிறது. அதே ஏப்ரல் 18ஆம் தேதி அதே ஏற்றுமதியாளர் மற்றவர்களின் முதல் தரக் கணவாயைப் பழைய விலைக்கே வாங்கியிருக்கிறார். சந்தை விழவில்லை. சரக்கு மார்ச்சிலேயே கெட்டிருந்தது, ஏப்ரல் விற்பனை அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

எனவே கிலோவுக்குக் கைக்கு வரும் 900 ரூபாய் வீதம் இருப்பை 84 இலட்சத்திலிருந்து 54 இலட்சமாக இறக்க வேண்டும். 30 இலட்சம் நட்டம், அதோடு திருத்தச் செலவு 3 இலட்சத்து 80 ஆயிரம். 92 இலட்சமாகக் காட்டியிருந்த வரிக்கு முந்திய இலாபம் 58 இலட்சத்து 20 ஆயிரமாகிறது.

இப்போது ஒரே ஒரு விவரத்தை மாற்றிப் பாருங்கள். ஜெனரேட்டர் நின்றது ஏப்ரல் 9 இரவு என்று வையுங்கள். அதே கணவாய், அதே 950 ரூபாய், அதே 30 இலட்சம். ஆனால் மார்ச் 31 அன்று சரக்கு நல்ல நிலையில் இருந்தது, அதனால் இருப்பு 84 இலட்சமாகவே நிற்கும். குறிப்பில் என்ன நடந்தது, எவ்வளவு நட்டம் என்று எழுத வேண்டும். தொகையைக் கணிக்க முடியாவிட்டால் முடியாது என்றே எழுத வேண்டும். முகாமையாளரின் வாய்வார்த்தையை விட பதிவேட்டின் தேதிக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பது இதனால்தான். வங்கிக் கடன் கேட்டு நிற்பவருக்கு நட்டம் ஏப்ரலில் விழுந்தால் வசதி, வரி குறைய வேண்டும் என்பவருக்கு மார்ச்சில் விழுந்தால் வசதி. அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல, அவருக்கு ஒரு பக்கம் சாய்வு இருக்கும்.

திருத்தக் கூடாத வகைக்கு நம் எல்லோருக்கும் நினைவிருக்கும் உதாரணம் 2022. 2021 டிசம்பர் 31இல் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மார்ச் இறுதியில் 290ஐத் தொட்டது. கணக்கு வருடம் டிசம்பரில் முடியும், ஒரு இலட்சம் டொலர் கடன் வைத்திருந்த கம்பெனிக்கு 2 கோடியாக இருந்த கடன் மூன்று மாதத்தில் 2 கோடி 90 இலட்சம். அப்படியிருந்தும் டிசம்பர் கணக்கில் அந்தக் கடன் 2 கோடிதான், ஏனென்றால் அன்றைய மாற்று வீதம் அதுதான். மிச்சம் குறிப்பில். இதற்கு ஒரு விலக்கு உண்டு. வருடம் முடிந்த பின் விழுந்த அடியால் கம்பெனி இனித் தொடரவே முடியாது என்றாகிவிட்டால் குறிப்பு போதாது. தொழில் தொடரும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கையே வேறு அடிப்படையில் திரும்பப் போட வேண்டும்.

கணக்காய்வு நியமம் 560 சொல்லும் இன்னொரு விஷயமும் அடிக்கடி நழுவுகிறது. ஜூனில் பைலை முடித்துவிட்டு ஜூலை 25இல் கையெழுத்திட்டால், ஜூனில் செய்த சோதனை ஜூனோடு நின்றுவிடும். இடையில் ஒரு மாதம் வெறுமையாகக் கிடக்கும். அதனால் கையெழுத்தை ஒட்டிய நாட்களில் பணிப்பாளர் சபைக் கூட்டக் குறிப்புகளைக் கடைசிப் பக்கம் வரை வாசித்து, புதிய வங்கிக் கூற்றையும் மாதக் கணக்கையும் பார்த்து, வழக்கு, தீ, புதுக் கடன் ஏதும் உண்டா என்று முகாமைத்துவத்திடம் மறுபடி கேட்க வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டோம் என்ற அவர்களுடைய கடிதத்தின் தேதி அறிக்கைத் தேதியை ஒட்டியதாக இருக்க வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. பணிப்பாளர்கள் கணக்கை ஏற்றுக் கையெழுத்திடும் முன் அறிக்கைக்குத் தேதி போடவும் கூடாது.

கையெழுத்துக்குப் பிறகு தேடும் கடமை இல்லை. ஆனால் ஆகஸ்டில் அந்த மெக்கானிக்கின் வேலைத்தாள் தற்செயலாகக் கண்ணில் பட்டால் பேசாமல் இருக்கவும் முடியாது. முகாமைத்துவத்தோடு பேசி, கணக்கு திருத்தப்பட்டால் அந்தத் திருத்தத்தைச் சோதித்து, புதுத் தேதியோடு புது அறிக்கை கொடுக்க வேண்டும். பழைய அறிக்கை ஏற்கனவே வங்கியின் கைக்குப் போயிருந்தால், அதை இனி நம்ப வேண்டாம் என்று வங்கிக்குத் தெரியப்படுத்தும் நடவடிக்கையும் அதில் சேரும்.